உறுமும் மோட்டாரும் ஒரு கெப்பாசிட்டரும்

வணக்கம். சுவிட்சைப் போட்டதும் பேனல் பெட்டியில் ம்ம்ம் என்று ஒரு உறுமல். தண்ணீர் வரவில்லை, சிறிது நேரத்தில் ஓவர்லோடு விழுந்துவிடுகிறது. சிங்கிள் ஃபேஸ் போர்வெல் மோட்டாரில் இப்படி ஆனால் உடனே அணைத்துவிடுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் வைண்டிங் கருகிவிடும்.

ஒரு ஃபேஸ் மின்சாரத்தால் மட்டும் மோட்டாருக்கு முதல் சுழற்சி கிடைக்காது. உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு வைண்டிங் இருக்கும். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் ஓடும் கரண்டைச் சற்று முன்தள்ளி, சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குவது ரன் கெப்பாசிட்டர். அது தளர்ந்தால் மோட்டார் உறுமும், கிளம்பாது.

ஒருமுறை ஒரு வீட்டில் 1 எச்பி மோட்டார் இப்படி நின்றுபோக, குழாயோடு மேலே தூக்க ஆள் சொல்லியிருந்தார்கள். கெப்பாசிட்டரைப் பார்த்தேன். உப்பல் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. மேலே 36 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. கழற்றி மீட்டரில் வைத்தால் 19 காட்டியது. பாதிதான் மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். அச்சிட்ட அளவிலிருந்து 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

கழற்றும் முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதியுங்கள். மின்சாரம் போன பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனையையும் தட்டிப் பொறி பறக்க விடும் பழக்கம் வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் வயர்களை, தோல் படாமல், சில நொடி வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும். அப்புறம் மீட்டரில் வோல்ட் பூஜ்ஜியம் என்று உறுதி செய்துகொண்டு தொடுங்கள். வயர்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரன் கெப்பாசிட்டருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. ஆனால் மோட்டார் வயர்கள் இடம் மாறினால் சிக்கல்.

புதியதில் மைக்ரோ ஃபாரட் அதே 36 ஆக இருக்க வேண்டும். வோல்ட் 440 அல்லது அதற்கு மேல். 'கொஞ்சம் பெரிசா போட்டா வேகமா கிளம்பும்' என்று 50 போடுபவர்கள் உண்டு. அதனால் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் நிரந்தரமாகக் கூடுதல் கரண்ட் ஓடி, மோட்டார் சூடாகி எரியும். பெட்டியில் கறுப்பு உருளையாக இன்னொரு ஸ்டார்ட் கெப்பாசிட்டர் இருக்கலாம். அது கிளம்பும் நொடிக்கு மட்டுமானது, ரன் இடத்தில் அதைப் போட்டால் வெடித்துவிடும்.

அந்த வீட்டில் புதியதை மாட்டியதும் மோட்டார் கிளம்பியது. கிளாம்ப் மீட்டர் ஏறக்குறைய 7 ஆம்பியரில் நின்றது, பெயர்ப்பலகையில் இருந்த அளவுக்குள்தான். குழாயைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

புதிய கெப்பாசிட்டரிலும் உறுமினால், முதலில் மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், மணல் புகுந்து பம்ப் இறுகியிருக்கலாம், வைண்டிங்கோ கேபிளோ அறுந்திருக்கலாம். அப்போதுதான் தூக்க ஆளைக் கூப்பிட வேண்டும்.