கப்ல, பஃத, தஹ்த: இறுதி அகரம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள நேயர்களே, வணக்கம். அரபு கற்கத் தொடங்குபவர்கள் 'கப்ல' என்றால் முன், 'பஃத' என்றால் பின், 'தஹ்த' என்றால் கீழ் என்று மனப்பாடம் செய்துகொண்டு, இவையும் 'ஃபீ', 'மின்' போன்ற இடைச்சொற்கள்தாம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இவை பெயர்ச்சொற்கள். செயல் நிகழ்ந்த காலத்தையோ இடத்தையோ காட்டி நிற்பதால், செயப்படுபொருளுக்குரிய நஸ்பு நிலையை ஏற்று, இறுதியில் ஃபத்ஹாவைப் பெறுகின்றன. நம் மதரஸாக்களில் இதைத்தான் ஸபர் என்கிறோம். இவ்வாறு வரும் சொல்லை இலக்கணிகள் ளர்ஃபு என்பார்கள்.

'நிம்து தஹ்தஷ் ஷஜரதி', அதாவது மரத்தின் கீழ் உறங்கினேன் என்னும் தொடரில் 'தஹ்த' அகரத்தில் முடிகிறது. அதனோடு உடைமையுறவில் இணைந்த 'ஷஜர' என்னும் மரம் கஸ்ராவை ஏற்று இகரத்தில் முடிகிறது. தொடரின் முடிவில் மூச்சை நிறுத்தினால் அந்த இகரம் காதில் விழாது. ஆனால் நடுவிலுள்ள 'தஹ்த'வின் அகரம் மறையாது. தவறு செய்தால் உடனே வெளிப்படுவதும் அங்கேதான்.

இவை பெயர்ச்சொற்களே என்பதற்குச் சான்று, முன்னால் 'மின்' வந்தவுடன் அகரம் இகரமாகிவிடுவதுதான். குர்ஆனில் சொர்க்கத் தோட்டங்களைப் பேசும் இடங்களில் பெரும்பாலும் 'தஜ்ரீ மின் தஹ்திஹல் அன்ஹாரு', அவற்றின் கீழிருந்து ஆறுகள் ஓடும், என்றே வரும். ஆனால் தவ்பா அத்தியாயத்தின் 100ஆம் வசனத்தில், நாம் வழக்கமாக ஓதும் ஹஃப்ஸ் முறைப்படி, 'தஜ்ரீ தஹ்தஹல் அன்ஹாரு' என்று 'மின்' இல்லாமல் அமைந்திருக்கிறது. மக்காவின் இப்னு கஸீர் ஓதல்முறையில் அங்கும் 'மின் தஹ்திஹா'தான். ஒரே வசனத்தில் 'மின்' இருந்தால் இகரம், இல்லையேல் அகரம்; விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, நஸ்பு நிலையானது என்று சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. இன்னொரு விலக்கும் இருக்கிறது. பின்னே வரவேண்டிய சொல்லை விட்டுவிட்டு, அதன் பொருளை மட்டும் மனத்தில் வைத்தால், 'கப்ல', 'பஃத' இரண்டும் உகரத்தில் உறைந்துவிடும். ரூம் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்திலுள்ள 'லில்லாஹில் அம்ரு மின் கப்லு வமின் பஃது' என்பதில் 'மின்' இருந்தும் இகரம் வரவில்லை. எதற்கு முன், எதற்குப் பின் என்பது சொல்லப்படாமல், முந்திய வசனங்களில் பேசப்பட்ட ரோமர்களின் தோல்வி, வெற்றியிலிருந்து உணரப்படுகிறது.

ஜும்ஆ உரையில் இறைவனைப் புகழ்ந்து, நபிகள் மீது ஸலவாத்தும் சொன்னபின் வரும் 'அம்மா பஃது' என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. அந்தப் புகழுக்கும் ஸலவாத்துக்கும் பின் என்பதே கருத்து. சொல் மறைந்து பொருள் மட்டும் நிற்பதால், அங்கே 'பஃத' என்று அகரத்தில் முடிப்பது பொருந்தாது.