ஒரு கீ உடைந்தால் முழு கீபோர்டையும் மாற்ற வேண்டுமா?

வணக்கம். மேலூரில் பத்திரம், மனு எல்லாம் டைப் செய்து கொடுக்கும் அண்ணன் ஒருவருடைய லேப்டாப்தான் இப்போது மேஜையில் இருக்கிறது. எச் கீ உடைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் டைப் செய்பவர் என்றால் நாலு நாள் சமாளித்துவிடலாம். இவர் தமிழ்99 முறையில் அடிப்பவர். அந்த முறையில் எச் இருக்கும் இடத்தில்தான் 'க' இருக்கிறது. 'க' இல்லாமல் ஒரு கிரயப் பத்திரத்தில் எத்தனை வரி அடிக்க முடியும்?

மதுரையில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "கீபோர்டு பேனலோடுதான் வரும், நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த விலை பொய்யில்லை. கீபோர்டு பதிந்திருக்கும் மேல்பகுதியான பேனலை முழுசாக மாற்றினால் இந்த மாடலுக்கு அவ்வளவு ஆகும்தான். ஆனால் எது உடைந்தது என்று பார்க்காமலேயே சொன்ன விலை அது. எனக்கு வருத்தம் அதில்தான். இந்த ஒரு கீயைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கு எவ்வளவு செலவாகும் என்று கடைக்குப் போகும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில் மெஷினை ஷட்டவுன் செய்துவிட்டேன், சார்ஜரையும் எடுத்துவிட்டேன். இப்போது கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். மேலே எழுத்து அச்சிட்ட மூடி இருக்கிறது அல்லவா, அது ஏற்கெனவே கழன்று தனியாக வந்திருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் கிளிப். இரண்டு சட்டங்கள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்காகச் சேர்ந்து, ஏறி இறங்கும். கிளிப்பின் நடுவில் சின்னக் கிண்ணம் கவிழ்த்தது போல ஒரு ரப்பர். அழுத்தினால் கீயை மேலே தள்ளிவிடுவது இந்த ரப்பர்தான். ரப்பருக்குக் கீழே மெல்லிய பிலிம், அதில்தான் மின்சாரம் ஓடும் கோடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் உலோகத் தகடு. அந்தத் தகட்டிலிருந்து எழும்பி நிற்கும் சின்னக் கொக்கிகளில்தான் கிளிப் மாட்டிக்கொள்கிறது.

மூடி, கிளிப், ரப்பர் ஆகிய மூன்றில் எது போனாலும் தனி கீயாக மாற்றிவிடலாம். பிலிம் போனாலோ தகட்டுக் கொக்கி ஒடிந்தாலோ கீபோர்டையே மாற்ற வேண்டியதுதான். கொக்கி வளைந்திருந்தால் மட்டும் மெல்லிய இடுக்கியால் நிமிர்த்திப் பார்க்கலாம். ஒருமுறை நிமிரும். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும்.

பிலிம் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெஷினை ஆன் செய்து நோட்பேடைத் திறந்து, மூடி இல்லாத இந்த ரப்பரின் நடுவில் விரல் நுனியால் அழுத்துகிறேன். பாருங்கள், எழுத்து விழுகிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு எழுத்துதான் விழுகிறது, இரட்டிப்பு இல்லை. அப்படியென்றால் பிலிமில் குறையில்லை. தகட்டுக் கொக்கியும் ஒடியாமல் இருந்தால் அண்ணனுக்கு நாலாயிரத்து ஐந்நூறு தேவையில்லை.

எழுத்து விழவில்லை என்றால் கதை வேறு. குறிப்பாக, தேநீரோ பருத்திப்பாலோ கொட்டிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கீகள் சேர்ந்தாற்போல வேலை செய்யாமல் போனால், பிலிமில் ஒரு கோடு அரித்துப்போயிருக்கிறது என்று பொருள். ஒரே கோட்டைப் பல கீகள் பகிர்ந்துகொள்கின்றன, அதனால்தான் கூட்டமாகப் போகின்றன. அந்த நிலையில் கீ வாங்கி மாட்டுவது வீண் செலவு. வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டையும் செருகிப் பாருங்கள். அதில் எல்லாம் சரியாக விழுந்தால், விண்டோஸில் கோளாறு இல்லை, கீபோர்டில்தான் என்று உறுதியாகிவிடும். அவசரத்துக்குத் திரையிலேயே கீபோர்டு வேண்டுமென்றால், விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தி இதை அடியுங்கள்:

```
osk
```

சரி, அண்ணன் மெஷினுக்கு வருவோம். கிளிப்பை வெளிச்சத்தில் பிடிக்கிறேன். உள் சட்டத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காது இருக்க வேண்டும். வலது பக்கக் காது இல்லை, ஒடிந்துவிட்டது. மூடியின் பின்பக்கத்தைத் திருப்பினால் பிடிப்புகள் நான்கும் முழுசாக இருக்கின்றன. தகட்டுக் கொக்கியும் நேராக நிற்கிறது. ஆக, மாற்ற வேண்டியது இந்தக் கிளிப் ஒன்றுதான்.

கிளிப்புக்கு எங்கே போவது? ஆன்லைனில் மாடல் பெயரைச் சொல்லி ஒரு கீக்கு மூடி, கிளிப், ரப்பர் மூன்றையும் சேர்த்து விற்கிறார்கள். கூரியரோடு முந்நூறு, நானூறு ரூபாய் ஆகிவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மாடல் லேப்டாப்புக்கு இரண்டு மூன்று தொழிற்சாலைகள் கீபோர்டு செய்து கொடுத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே கிளிப்பின் வடிவம் மாறும். அதனால் மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். மூடியைக் கழற்றி, தகட்டுக் கொக்கிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒரு படம், கிளிப்பை ஒரு படம் எடுத்து, விற்பவர் போட்டிருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இதைவிட நல்ல வழி, நம் ஊர் சர்வீஸ் கடைகளில் கழற்றிப் போட்டு வைத்திருக்கும் பழைய கீபோர்டுகள். பிலிம் போனதால் மாற்றிய கீபோர்டில் எண்பது கிளிப்புகளாவது நன்றாகத்தான் இருக்கும். உடைந்த கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இதே மாதிரி ஒன்று வேண்டும்" என்று கேட்டால் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழக்கமான கடையென்றால் சும்மாவே கொடுப்பார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அது வரும்வரை அவர் வேலை நிற்கக்கூடாதே. அதனால் இதே கீபோர்டில் இன்னொரு கீயிலிருந்து கிளிப்பை எடுத்து இங்கே மாட்டப் போகிறேன். எழுத்துக் கீகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே கிளிப்தான். மேல் வரிசை எஃப்1, எஃப்2 கீகள் குட்டையானவை, அவற்றின் கிளிப் பொருந்தாது. எண் பகுதியிலும் சில மாடல்களில் கீ கொஞ்சம் குறுகலாக இருக்கும். நான் எடுப்பது இசட். தமிழ்99இல் அது 'ஔ'. பத்திரத்தில் 'ஔ' எப்போதாவதுதான் வரும், ஆங்கிலத்திலும் இசட் அரிது. வந்தால் ரப்பரை விரலால் அழுத்திக்கொள்ளலாம்.

மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டாம், தகட்டையும் பிலிமையும் கீறிவிடும். செல்போன் திறக்கப் பயன்படுத்தும் இந்தப் பிளாஸ்டிக் தகடு போதும். ஒரு மூலையில் நுழைத்து மெதுவாக நெம்புகிறேன். டக் என்ற சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மூடியின் ஒரு பக்கம் சொருகிப் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கி நகரும். சொருகிய பக்கம் விடுபட்டதும் மூடியை மறுபக்கமாகச் சற்றுத் தள்ளினால் தானே வந்துவிடும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மேலே இழுப்பவர்கள்தான் காதை ஒடிக்கிறார்கள்.

இப்போது கிளிப்பை எச் இடத்தில் மாட்டுகிறேன். முதலில் கிளிப்பைத் தகட்டுக் கொக்கிகளுக்குள் செலுத்த வேண்டும், மூடியோடு சேர்த்து அழுத்தக்கூடாது. விரலால் தூக்கிப் பார்க்கிறேன், தடையில்லாமல் ஏறி இறங்குகிறது. ரப்பர் நடுவில் இருக்கிறது. மூடியின் வழுக்கும் பக்கத்தை முதலில் வைத்து, பிறகு எதிர்ப்பக்கத்தை அழுத்துகிறேன். இரண்டு டக் சத்தம் கேட்டது அல்லவா? ஒன்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு மூலை ஆடும். ரப்பர் பெயர்ந்து வந்திருந்தால் விளிம்பில் கடுகளவு பசை இரண்டு இடத்தில் வைத்தால் போதும். சுற்றிலும் பசை தடவினால் உள்ளே காற்று அடைபட்டு கீ மந்தமாகிவிடும், பசை பிலிமுக்குள் இறங்கினால் அந்தக் கீயே போய்விடும்.

ஸ்பேஸ் பார், எண்டர், ஷிஃப்ட் இவை மட்டும் கொஞ்சம் சிரமம். மூடிக்கு அடியில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், அதைத் தகட்டின் கொக்கிகளில் முதலில் நுழைத்துவிட்டுத்தான் மூடியை அழுத்த வேண்டும்.

இனி, பிலிமே போய்விட்டது, முழு கீபோர்டுதான் என்றாகிவிட்டால் செலவை முடிவு செய்வது ஒரே ஒரு கேள்வி: கீபோர்டு உங்கள் லேப்டாப்பில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? பழைய மாடல்களில் இரண்டு மூன்று ஸ்குரூவைக் கழற்றினால் கீபோர்டு மேலாக வந்துவிடும். சிலவற்றில் அடிப்பக்கம் ஸ்குரூ பக்கத்திலேயே கீபோர்டு படம் பொறித்திருக்கும். நான் அண்மையில் விசாரித்தவரை, இந்த வகைக்குக் கீபோர்டு எழுநூறிலிருந்து ஆயிரத்து இருநூறு, மாட்டுக்கூலி முந்நூறு. அடியில் விளக்கு எரியும் வகை என்றால் இன்னும் ஐந்நூறாவது கூடும்.

புதிய மெல்லிய லேப்டாப்களில் அப்படியில்லை. கீபோர்டை மேல் பேனலோடு பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி ஒட்டியிருப்பார்கள். கீபோர்டை எடுக்க பேட்டரி, மதர்போர்டு, விசிறி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேனலோடு சேர்த்து மாற்றினால் மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரம். கீபோர்டை மட்டும் மாற்றுவதும் உண்டு, கூலியோடு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் முடியும். அதில் பழைய குமிழ்களைச் சீவி எடுத்து, புதிய கீபோர்டை வைத்து, மிச்சமிருக்கும் பிளாஸ்டிக்கைச் சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டுகிறார்கள். குமிழ் குட்டையாகிவிடுவதால் பிடிமானம் முன்புபோல் இருக்காது. பொறுமையாகச் செய்யும் கை என்றால் நன்றாகவே நிற்கும், நான் அதற்கு எதிரியில்லை. அவசரத்தில் பாதிக் குமிழ்களை விட்டுவிட்டால் ஜி, எச் பக்கம் அழுத்தும்போது நடுப்பகுதி அமுங்கி எழும்.

உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவல் என்று தேடுங்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் அதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. உதிரிபாகப் பட்டியலில் கீபோர்டு தனியாக இருந்தால் முதல் வகை. மேல் பேனலோடு சேர்த்தே குறிப்பிட்டிருந்தால் இரண்டாவது வகை.

வாங்கும்போது எண்டர் கீயின் வடிவத்தைப் பாருங்கள். நம் ஊரில் வருவது பெரும்பாலும் படுக்கைவாட்டு எண்டர். விலை மலிவு என்று உயரமான எண்டர் உள்ள பிரிட்டிஷ் வகையை வாங்கினால் பேனல் துளையில் பொருந்தாது. விளக்கு உள்ள கீபோர்டை விளக்கு இல்லாத லேப்டாப்புக்கு ஆசைப்பட்டு வாங்குவதற்கு முன்பும், மதர்போர்டில் அதற்கான தனி ரிப்பன் செருகும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல லேப்டாப்களில் இருக்காது.

மாட்டி முடித்ததும் கடையிலேயே உட்கார்ந்து நோட்பேடில் ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பாருங்கள். தமிழ் அடிப்பவர்கள் தமிழிலேயே இரண்டு வரி அடியுங்கள். நடுவில் அழுத்தி அமுங்குகிறதா என்றும் பாருங்கள். பிறகு, கழற்றிய பழைய கீபோர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியது அதே வகைக் கீபோர்டு என்றால், அடுத்த முறை ஒரு கீ உடையும்போது கிளிப் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.