ஆழம் தெரியாமல் காலை விடாதே

(பாம்பனில் இளம் நிருபர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாத் பெரியோர்களே, சீசன் நேரத்திலும் வேலையை விட்டுவிட்டு வந்த நாட்டுப்படகு, விசைப்படகு சங்க நிர்வாகிகளே, கடைசி வரிசையில் நிற்கும் அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பேட்டிக்கு முன் செய்ய வேண்டியது, கேள்விகளின் வரிசை, மேற்கோள், ஒலிப்பதிவு என்று நான்கு விஷயம் பேச வந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பேட்டிக்கு அது அப்படியே பொருந்தும். ஒரு நிருபர் நம் கரைக்கு வந்தார். முந்தின ராத்திரி விசைப்படகின் இழுவைமடி மாட்டி ஒரு நாட்டுப்படகுக்காரரின் வலை மொத்தமும் போயிருந்தது. வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, "விசைப்படகுக்காரங்க அட்டூழியம் தாங்க முடியலையா அண்ணே?" என்றார். அவர் "ஆமா" என்றார். அந்த ஆமாவில் என்ன இருக்கிறது? பதிலை நிருபரே கொடுத்துவிட்டாரே! அப்புறம் எங்கே வலை போட்டிருந்தார் என்று கேட்டார். "நாலு பாகம் தண்ணியில" என்று பதில் வந்தது. மறுநாள் பேப்பரில் "நான்கு மைல் தூரத்தில்" என்று வந்தது.

பாகம் என்பது ஆழம், ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, அப்போது கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று இருந்தது. செய்தியில் நாலு மைல் என்றதும் எதிர்த்தரப்பு அந்தப் பேப்பரையே காட்டி, "அது எங்க இடம், இவர்தான் குறுக்கே வலை போட்டார்" என்றது. வலை போனது ஒரு நஷ்டம், அவர் சொல்லாத சொல்லால் வழக்கும் போனது இன்னொரு நஷ்டம். ஆழம் தெரியாமல் காலை விட்டது நிருபர், முழுகியது மீனவர்.

கிளம்புவதற்கு முன் அந்தச் சட்டத்தைப் படித்திருந்தால், தூரம்தான் உயிரான கேள்வி என்று தெரிந்திருக்கும். முதலில் "என்ன நடந்துச்சு, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்று விட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். அடுத்து நேரம், இடம். கரையில் எது தெரிந்தது, லைட்ஹவுஸ் எந்தப் பக்கம், ஜிபிஎஸ் இருந்தால் அதில் என்ன காட்டியது, மீன்வளத்துறையில் புகார் கொடுத்தாரா? உறுத்தலான கேள்வி, "அந்த இடத்துல நீங்க வலை போடலாமா?" என்பது கடைசியில்தான். முதலிலேயே கேட்டால் மனிதர் வாயை மூடிக்கொள்வார். அதே கேள்விகளோடு விசைப்படகுக்காரரிடமும் போக வேண்டும்.

ஒலிப்பதிவுக்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். நான் ஊர் ஊராகக் கேட்டு வருவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேற்கோள் குறிக்குள் போடப்போகும் வரியை, கரையை விட்டுக் கிளம்புமுன் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். முழுச் செய்தியையும் காட்ட வேண்டாம், அவர் வார்த்தையை மட்டும். "நாலு மைல்னு எழுதியிருக்கேன், சரியா அண்ணே?" என்றால் அங்கேயே திருத்தியிருப்பார். தவறாகப் பதிந்ததைத் திருத்துங்கள். சொன்னதையே இல்லை என்றால், மறுக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாசி எடுக்கும் அக்காமார்களிடம் இது இன்னும் அவசியம், அவர்கள் சொன்னதை ஆண்கள் யாராவது எடுத்துச் சொல்லித்தான் பெரும்பாலும் அச்சேறுகிறது.

சங்க நிர்வாகிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: வாசித்துக் காட்டாமல் கிளம்பும் நிருபரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "எழுதினதைப் படிச்சுட்டுப் போங்க தம்பி" என்று சொல்லுங்கள்.