சென்ட்ரிங் சீட் வாடகைக்கு விடுகிறவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். சும்மா கிடக்கும் அறையையோ காரையோ பொருளையோ வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். காரைப் பற்றி ஒரே வார்த்தை: சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்தது சென்ட்ரிங் சாமான் வாடகை. அதையே பேசுகிறேன்.

வீட்டுக்குத் தளம் போடும்போது கான்கிரீட்டைத் தாங்க அடியில் இரும்புச் சீட்டுகளைப் பரப்பி, அவற்றை ஜாக்கிகளால் முட்டுக் கொடுப்பார்கள். சாதாரணமாகப் புழங்கும் சீட் மூன்றடிக்கு இரண்டடி, அதாவது ஆறு சதுர அடி. 600 சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய 100 சீட், 70 ஜாக்கி வேண்டும். சீட் 1,200 ரூபாய், ஜாக்கி 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை கொஞ்சம் முன்பின் இருக்கும். முதலீடு 1,90,000 ரூபாய். நாள் வாடகை சீட்டுக்கு 2 ரூபாய், ஜாக்கிக்கு 3 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 410 ரூபாய் வருகிறது.

இதை முப்பதால் பெருக்கி மாதம் பன்னிரண்டாயிரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தளத்துக்குச் சாமான் போனால் சீட் அடிக்க, கம்பி கட்ட ஒரு வாரம் ஆகிவிடும். கான்கிரீட் போட்ட பிறகு முட்டுகளை உடனே எடுக்க முடியாது. இந்தியத் தர விதிப்படி, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். எங்கள் பக்கம் சிறிய தளத்துக்கும் இரண்டு வாரம் விடுவார்கள். அப்புறம் பிரித்து இறக்க இரண்டு நாள். கான்கிரீட் போடும் நாளையும் சேர்த்தால் ஒரு தளத்துக்கு 24 நாள், வாடகை 9,840 ரூபாய். ஆடியில் புது வேலை தொடங்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. வருடத்துக்கு எட்டுத் தளம் கிடைத்தால் 78,720 ரூபாய். இதில்தான் குடோன் வாடகை, வெல்டிங் கூலி எல்லாம் போக வேண்டும்.

இப்போது இன்னொரு கணக்கு. 1,200 ரூபாய்ச் சீட் ஒன்று தொலைந்தால் அது அந்தச் சீட்டின் 600 நாள் வாடகை. வருடத்துக்கு 192 நாள்தான் அது வேலைக்குப் போகிறது என்றால், மூன்று வருட உழைப்பு ஒரு சீட்டோடு போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் வாடகையைக் கால் ரூபாய் குறைத்தார் என்று புதியவர்கள் கவலைப்படுவார்கள். நான் திரும்பி வரும் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன்.

சீட்டைத் திருடுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் அது இடம் மாறித்தான் தொலைகிறது. மேஸ்திரிக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று சைட் ஓடும். இங்கே பிரித்ததை நம்மிடம் சொல்லாமல் அடுத்த சைட்டுக்கு ஏற்றிவிடுவார். அங்கே வேறொரு கடைச் சாமானோடு கலந்துவிடும். அதனால் சீட்டின் ஓரத்தில் நமக்கென்று ஒரு நிறம் அடித்து வைக்க வேண்டும். ஏற்றும்போது எண்ணி, தளம் போடும் இடத்தின் முகவரியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மேஸ்திரியோடு வீட்டுக்காரரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது. பணம் கடைசியில் அவரிடமிருந்துதான் வர வேண்டும். கான்கிரீட் போட்ட தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிரிக்க வேண்டிய நாளுக்கு மறுநாள் சைட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். தளத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை, நம் குடோனுக்கும் வரவில்லை என்றால் சாமான் எங்கே என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "எல்லாத்தையும் அப்பவே அனுப்பிட்டேனே அண்ணே" என்பார்.

இரண்டாவது, பிரிக்கும் விதம். மேலிருந்து சீட்டை அப்படியே தரையில் விழவிடுவார்கள். ஓரத்து ஆங்கிள் வளைந்து, வெல்டிங் விடும். வளைந்த சீட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் நடுவில் இடைவெளி விழும், சிமெண்ட் பால் ஒழுகிவிடும். அந்தச் சீட்டை அடுத்த மேஸ்திரி எடுக்க மாட்டார். இறக்கும்போதே இரண்டு சீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வளைவு கண்ணுக்குத் தெரியும். ஜாக்கியில் பின் இருக்கிறதா, மரை சுற்றுகிறதா என்று அப்போதே பார்க்க வேண்டும். சின்னப் பின் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் ஜாக்கி மூலையில் கிடக்கும்.

தொடங்குகிறவர்கள் முதலில் சீட் வாங்கிவிட்டு ஜாக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டும் ஒரே கடையில் கிடைக்காவிட்டால் மேஸ்திரி அடுத்த கடைக்குப் போய்விடுவார். 100 சீட்டும் 70 ஜாக்கியும் சேர்த்து வாங்கப் பணம் போதவில்லையா? 300 சதுர அடிக்கு ஐம்பது சீட், அதற்கான ஜாக்கி என்று வாங்கலாம். மாடிப்படி அறை, கழிவறை, கடைமுன் சன்ஷேடு என்று சின்ன வேலைகளுக்கு அது போதும். அந்த வேலைகளுக்குப் பெரிய கடைக்காரர்கள் லாரி அனுப்பவே யோசிப்பார்கள்.