மூன்று கேள்விகளில் ஒரு நகைக்கடன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டுத் தொடக்கத்தில் பல வீடுகளில் எடுக்கப்படும் முடிவு ஒன்று உண்டு: "இந்த வருஷம் எப்படியாவது நகையைத் திருப்பிவிட வேண்டும்." டிசம்பரில் அதே வீட்டில், வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைத்துவிட்டு வருவார்கள். அப்படி நடப்பதற்கு மனதில் உறுதி இல்லாதது காரணமல்ல. ஜனவரிக்கும் டிசம்பருக்கும் நடுவில் அந்த வீட்டில் யாரும், எந்த நாளிலும், சரியான கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆண்டு இலக்கு ஒன்றை வாரம், மாதம், காலாண்டு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது எப்படி என்பதை இந்த நகைக்கடனை வைத்தே பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் வயரிங் வேலை செய்பவர், சனிக்கிழமை கூலி. மனைவி வீட்டில் தையல். 2026 ஜனவரி முதல் வாரத்தில் சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் வங்கியில் அடகு. கடன் 1,20,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணை ஓராண்டு. டிசம்பருக்குள் இரண்டும் வீட்டுக்கு வர வேண்டும். அதுதான் இலக்கு.

உடனே 1,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் பத்தாயிரம் என்று எழுதத் தோன்றும். திட்டம் உடையும் முதல் இடம் அதுதான். கூலியும் தையலும் மாதச் சம்பளம் மாதிரி சமமாக வருவதில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம். ஆடியில் கல்யாண ஜாக்கெட் தைக்க ஆள் வராது. தீபாவளிக்கு முந்தைய மாதம் தையல் மெஷின் ஓயாது. தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி வருகிறது, அதனால் அந்த மாதம் செலவு, போதாக்குறைக்கு மழையில் கட்டட வேலையும் நிற்கும். இதையெல்லாம் வைத்துத்தான் காலாண்டைப் பிரிக்க வேண்டும். அசலில் முதல் காலாண்டில் 27,000, இரண்டாவதில் 24,000, மூன்றாவதில் 33,000, கடைசியில் 36,000. கூட்டினால் 1,20,000. காலாண்டுக்குள்ளும் மாதங்கள் சமமில்லை. ஏப்ரல், மே பத்தாயிரம் என்றால் ஜூன் நாலாயிரம்தான். அக்டோபர் 16,000, நவம்பர் ஆறாயிரம்.

இப்போது வாரத்துக்கு வருவோம். ஜனவரியில் அசலுக்கு 9,000, வட்டிக்கு 1,200, மொத்தம் 10,200. நான்கு சனிக்கிழமைகளுக்குப் பிரித்தால் 2,550. எண்ண எளிதாக 2,600 என்று வைக்கலாம். மாதம் பிறக்கும்போது அந்த மாதத்து வாரத் தொகையைக் கணக்கிட்டு, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் எழுதிவிடுங்கள். கடனுக்கு ஒதுக்கும் பணத்தை ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். சனி இரவு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த வாரம் டப்பாவில் எவ்வளவு விழுந்தது?" விழுந்த தொகையை அதே கட்டத்தில் பேனாவால் எழுதுங்கள். பென்சிலில் 2,600, பேனாவில் 1,900. அவ்வளவுதான். ஏன் குறைந்தது, யார் செலவழித்தார்கள் என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம். அப்படி விசாரித்தால் மூன்றாவது வாரம் காலண்டர் பக்கமே யாரும் போக மாட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் குறைந்தால் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும்.

நான்கு சனி என்று ஏன் கணக்குப் போட்டோம்? ஆண்டுக்கு 52 வாரம், பன்னிரண்டு மாதத்துக்கு நான்கு நான்காகப் போனால் 48. மீதி நான்கு. 2026-இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் ஆகிய மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வருகின்றன. அந்த ஐந்தாவது சனியைத் திட்டத்தில் சேர்க்காமல் காலியாக விடுங்கள். அந்தக் கட்டத்தில் பென்சில் எண்ணே இருக்கக் கூடாது. முந்தைய குறையை அடைக்க வைத்திருக்கும் நாள் அது. இப்படி ஒரு சந்து விடாத திட்டம், முதல் காய்ச்சலிலேயே கவிழ்ந்துவிடும்.

மாதக் கேள்வி வேறு. மாதத்தின் கடைசி சனிக்கு அடுத்த திங்கட்கிழமை டப்பாவில் உள்ளதை வங்கியில் கட்டுங்கள். கட்டிவிட்டுக் கேட்க வேண்டியது: "அசல் மீதி எவ்வளவு?" எவ்வளவு கட்டினோம் என்று கேட்கவே கூடாது. கட்டும் பணம் முதலில் வட்டிக்குப் போய், மிச்சம்தான் அசலில் கழியும். 10,200 கட்டியவருக்கு அசலில் கழிந்தது ஒன்பதாயிரம்தான். வட்டி மட்டும் கட்டும் வீட்டிலும் ரசீது சேர்ந்துகொண்டேதான் இருக்கும், கட்டிய நிறைவும் இருக்கும், அசல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அசல் மீதியைக் கேட்டால் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. ரசீதில் மீதி அச்சிடாவிட்டால், கவுன்டரில் கேட்டு ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் பகுதித் தொகை கட்டலாமா, அதை உடனே அசலில் வரவு வைப்பார்களா என்பதை அடகு வைக்கும் அன்றே கேட்டுவிடுவது அவசியம். இந்தத் திட்டம் முழுக்க அந்த ஒரு பதிலின் மேல் நிற்கிறது.

பணத்தை டப்பாவிலேயே வைத்திருந்து டிசம்பரில் மொத்தமாகக் கட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஆண்டு வட்டி 14,400 ஆகும். மேலே சொன்னபடி மாதாமாதம் கட்டி வந்தால், தோராயமாக 8,300. ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம். அதைவிடப் பெரிய ஆபத்து, டப்பாவில் இருக்கும் பணத்துக்குக் கேட்பார் அதிகம்.

வாரமும் மாதமும் ஒன்றுக்கொன்று சாட்சி. காலண்டரில் பேனா எண்கள் நிறைவாக இருந்து, அசல் மட்டும் குறையவில்லை என்றால், டப்பாவுக்கும் வங்கிக்கும் நடுவில் பணம் வழி மாறிப் போகிறது. காலண்டரும் சரி, ரசீதும் சரி, ஆனால் பக்கத்து வீட்டில் கைமாற்று ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், ஒரு கடனை எடுத்து இன்னொரு கடனில் போடுகிறோம். டப்பாவில் போடும் பணம் அந்த வாரம் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய பணத்தை அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள்.

காலாண்டுக் கேள்விக்கு வருவோம்: "மிச்சம் இருக்கும் மாதங்களில் மிச்ச அசலைக் கட்ட நம்மால் முடியுமா?" ஆண்டில் மூன்று முறைதான் இதைக் கேட்க வேண்டும்: மார்ச், ஜூன், செப்டம்பர் முடிவில். இதை வாராவாரம் கேட்கும் வீடுகளில் ஒரு சனி குறைந்தாலே "இந்த வருஷமும் நடக்காது" என்ற பேச்சு வந்துவிடும். ஒரு வாரத்தை வைத்து ஓர் ஆண்டைத் தீர்மானிக்க முடியாது. பதின்மூன்று வாரம் சேர்ந்தால்தான் நம் கையின் உண்மையான வேகம் தெரியும். திட்டத்தை மாற்றுவதும் இந்த மூன்று நாட்களில் மட்டும்தான்.

நம் குடும்பத்துக்கு மார்ச் முடிவில் அசல் 93,000 ஆகியிருக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு மொய், மார்ச்சில் ஒரு காய்ச்சல். ஜனவரியின் ஐந்தாவது சனியைச் சேர்த்தும் மீதி 99,000-த்தில் நிற்கிறது. ஆறாயிரம் பின்தங்கல். அடுத்த மாதமே ஆறாயிரத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவோம் என்று கிளம்பினால், ஏப்ரலில் பதினாறாயிரமும் வட்டியும் வேண்டும். அது முடியாது. ஏப்ரலும் தோற்கும், தோற்றதும் எல்லாம் கைவிடப்படும். அதற்குப் பதிலாகக் காலண்டரைப் பாருங்கள். மே, ஆகஸ்ட், அக்டோபரில் மூன்று காலிச் சனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 2,600 என்றால் 7,800. ஆறாயிரமும் அதற்கான கூடுதல் வட்டியும் அதில் அடங்கிவிடும். ஆகவே காலாண்டுக் கேள்விக்குப் பதில் "முடியும்". மாதத் தொகை எதையும் தொட வேண்டாம். அந்த மூன்று கட்டங்களில் மட்டும் பென்சிலால் 2,600 என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம்.

பதில் "முடியாது" என்றும் வரும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜூன் முடிவில் அசல் 90,000 இருக்கிறது என்று வைப்போம். மிச்சம் ஆறு மாதம். சராசரியாக மாதம் 15,000, மேலே வட்டி. இதுவரை ஒரே மாதத்தில் அதிகமாகக் கட்டியது எவ்வளவு என்று ரசீதுகளைப் புரட்டுங்கள். 11,000 என்றால், பதினைந்தாயிரத்தை ஆறு மாதம் தொடர்ந்து கட்டுவோம் என்பது வெறும் ஆசை. தேவைப்படும் மாதச் சராசரி, இதுவரை கட்டிய சிறந்த மாதத்தையும் தாண்டினால், இலக்கைத்தான் திருத்த வேண்டும். ஜூலையிலேயே திருத்தினால் வழி இருக்கிறது. எந்த நகையை முதலில் மீட்பது, ஒன்றை விற்று மற்றதைத் திருப்புவது லாபமா என்று நிதானமாக யோசிக்கலாம். தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது யோசித்தால், மாற்றி வைப்பது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

இதற்காகவே அடகு வைக்கும் நாளில் ஒரு காரியம் செய்யலாம். சங்கிலியையும் வளையலையும் ஒரே கடனாக வைக்காமல், சங்கிலிக்கு 70,000, வளையலுக்கு 50,000 என்று இரண்டு கடனாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். நகை மதிப்பீட்டுக் கட்டணம் இரண்டு முறை வரக்கூடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே கடனில் இருக்கும் நகைகளில் ஒன்றை மட்டும் இடையில் விடுவிக்கப் பல இடங்களில் சம்மதிக்க மாட்டார்கள். இரண்டாக இருந்தால், இரண்டுக்கும் வட்டியைக் கட்டிக்கொண்டு, அசலுக்கான பணத்தை முதலில் வளையல் கடனிலேயே போட்டு வரலாம். மாதக் கேள்விக்கு இரண்டு ரசீதின் மீதியையும் கூட்டி எழுத வேண்டும், அவ்வளவே வேலை.

நம் திட்டத்தில் முதல் இரண்டு காலாண்டுக்கான அசல் 27,000-மும் 24,000-மும் சேர்ந்தால் 51,000. தடங்கல் இல்லாமல் போயிருந்தால் ஜூன் கணக்கிலேயே வளையல் வந்திருக்கும். மார்ச்சில் ஆறாயிரம் பின்தங்கிய இந்தக் குடும்பத்துக்கு, மே மாதத்து ஐந்தாவது சனியையும் சேர்த்தால், ஜூன் முடிவில் வளையல் கடனில் ஏறக்குறைய 2,400 ரூபாய் நிற்கும். ஜூலைத் தொகையில் அது அடைந்து, ஜூலை 27, திங்கட்கிழமை வங்கிக்குப் போய்த் திரும்பும்போது வளையல் கையில் இருக்கும். சங்கிலிக்கான பென்சில் எண்கள் ஆகஸ்ட் மாதத்துக் கட்டங்களில் தொடரும்.

நன்றி, வணக்கம்.