14 வேலை நாட்களும் 14 நாட்களும்: சட்ட விளக்க ஸ்லைடுகளைச் சுருக்குதல்

[திரையில்: தகவல் அறியும் உரிமை பற்றிய பயிற்சி ஸ்லைடுகள்]

வணக்கம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிய பயிற்சி ஸ்லைடுகளை, வன்னியிலுள்ள கிராம அபிவிருத்திச் சங்கமொன்றுக்காக ஒரு பக்கத்தில் சுருக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். காணிக் கோப்பின் நிலையை அறிய விண்ணப்பிக்கும் ஒருவர் அந்த ஒரு பக்கத்தை நம்பியே நாட்களை எண்ணுவார்.

[திரையில்: “தகவலை 14 நாட்களுக்குள் வழங்க வேண்டும், தேவையெனில் 21 நாட்கள் நீடிக்கலாம்.”]

வாசிக்க எளிதான இந்தச் சுருக்கம் பிழையானது. கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் எடுக்க வேண்டும் என்பது ஒரு கடமை. வழங்குவதெனத் தீர்மானித்தால், அத்தீர்மானத்திலிருந்து 14 நாட்களுக்குள் தகவலை வழங்க வேண்டும் என்பது வேறொரு கடமை. இரண்டும் ஒன்றாக்கப்பட்டதால் ஒரு கடமையும், “வேலை” என்ற சொல்லும் காணாமற்போயின.

[திரையில்: நாட்காட்டி]

கோரிக்கை திங்கள் 1ஆம் திகதி கிடைத்தது எனக் கொண்டு, அந்த நாளை விட்டு எண்ணுங்கள். பொது விடுமுறை இல்லாவிட்டால் 14ஆவது வேலை நாள் வெள்ளி 19ஆம் திகதி. இடையில் வார நாளொன்றில் போயா வந்தால் திங்கள் 22ஆம் திகதி. சுருக்கத்தை நம்பியவரோ 15ஆம் திகதியே தவணை முடிந்ததாகக் கருதி, உரிய காலத்துக்கு முன்பே மேன்முறையீட்டுக்குச் செல்வார்.

“தேவையெனில்” என்பது இன்னும் ஆபத்தானது. மேலதிக 21 நாட்களை அலுவலர் விரும்பியபடி எடுக்க முடியாது. ஆவணங்கள் மிகப் பலவாயிருந்து வழக்கமான பணியை நியாயமற்ற அளவு பாதிக்க வேண்டும்; அல்லது, முல்லைத்தீவில் கேட்ட தகவலுக்காக ஒட்டுசுட்டானிலுள்ள அதே அதிகாரசபையின் அலுவலகத்தில் தேடுவது போல, வேறிடத்திலிருந்து பதிவுகளைத் திரட்ட வேண்டியிருக்க வேண்டும். நீடிப்பையும் அதற்கான காரணத்தையும் விண்ணப்பதாரருக்கு அறிவிப்பதும் கடமையே. ஒருவரது உயிருக்கோ ஆள்சுதந்திரத்துக்கோ தொடர்புடைய கோரிக்கைக்கு 48 மணித்தியாலங்களுக்குள் பதிலளிக்க வேண்டும் என்ற விதியையும் அச்சுருக்கம் முழுதாக விட்டுவிட்டது.

[திரையில்: திருத்திய சுருக்கம், ஒரு விதிக்கு ஒரு வாக்கியம்]

ஆகவே ஒவ்வொரு விதியையும் தனி வாக்கியமாக எழுதி, யார், எதை, எந்த நிகழ்விலிருந்து, எத்தனை நாட்களுக்குள் என்பவற்றை அதே சொற்களில் வையுங்கள். விதிவிலக்கை அது கட்டுப்படுத்தும் விதிக்கு அருகிலேயே எழுதுங்கள். பின்னர் மூல ஸ்லைடுகளிலுள்ள எண்களையும், “ஆயின்”, “தவிர”, “மேற்படாத” போன்ற சொற்களையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் சுருக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பின்னணி, படங்கள், ஒரே விதியைத் திரும்பச் சொல்லும் ஸ்லைடுகள் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

ஸ்லைடு சட்டத்துடன் முரண்படுவதாகத் தோன்றினால், அதை நீங்களாகவே திருத்திவிடாதீர்கள். ஸ்லைடில் உள்ளதை அப்படியே எழுதி, அருகில் சட்டப் பிரிவின் இலக்கத்துடன் ஐயத்தைக் குறித்து, பக்கத்தைப் பிரதியெடுக்கும் முன் ஸ்லைடுகளைத் தயாரித்தவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.