கோரிக்கை ஆங்கிலத்துக்குப் போகும்போது

நேயர்களுக்கு வணக்கம். உறவினரின் சிகிச்சைக்கு இணையத்தில் நிதி கேட்டுத் தமிழில் எழுதிய கோரிக்கையை, மிகைப்படுத்தாமல் ஆங்கிலத்தில் எழுதுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்படி ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்வோம்: "எங்கள் அக்கா உயிருக்குப் போராடுகிறார். ரெண்டு கிட்னியும் போய்விட்டது. மாற்றாவிட்டால் காப்பாற்ற முடியாது என்கிறார்கள். 12 லட்சம் வேண்டும்."

தமிழில் இதில் பொய் எதுவும் இல்லை. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால்தான் பொய் புகுந்துவிடும்.

பெரியம்மா மகளும் நமக்கு அக்காதான். ஆனால் 'சிஸ்டர்' என்று எழுதினால், ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அடையாள அட்டையில் பெற்றோர் பெயர் வேறாக இருந்தால் சந்தேகம் வரும். 'கசின்' என்று எழுதுங்கள். கூடவே வளர்ந்தவர் என்றால் அதை ஒரு வரியில் சேருங்கள்.

'கிட்னி போய்விட்டது' என்பதை 'லாஸ்ட் போத் கிட்னீஸ்' என்றால், இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள்படும். மருத்துவ அறிக்கையில் இருப்பது நாள்பட்ட சிறுநீரக நோய், ஐந்தாம் நிலை. அதையே எழுதி, சிறுநீரகம் ரத்தத்தைப் போதிய அளவு சுத்திகரிப்பதில்லை, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது என்று விளக்குங்கள். 'உயிருக்குப் போராடுகிறார்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் கண்முன் வரும். அதன் கீழே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் இருந்தால், உண்மையான நோயே பொய்போலத் தெரியும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அடுத்து, அந்த 'என்கிறார்கள்'. யார் சொன்னது? டாக்டர் எழுதியது 'மாற்றுச் சிறுநீரகம் பரிந்துரைக்கப்படுகிறது' என்பது மட்டும்தான் என்றால், 'அட்வைஸ்டு' என்ற சொல்லோடு நிறுத்துங்கள். 'ஒன்லி ஹோப்' என்பது பக்கத்து வீட்டார் வாய்ச்சொல்லாக இருக்கலாம். சிறுநீரகம் தருபவருக்குப் பரிசோதனை முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

பணத்துக்கு வருவோம். 12 லட்சம் என்பது 1.2 மில்லியன். அவசரத்தில் 12 மில்லியன் என்று எழுதினால் பத்து மடங்காகிவிடும். 'லேக்' என்ற சொல் வெளிநாட்டவருக்குப் புரியாது. எண்ணாகவே, 1,200,000 என்று காற்புள்ளியை இடம் மாற்றிப் போடுங்கள். பிறகு பிரித்துக் காட்டுங்கள். மருத்துவமனை மதிப்பீடு 9 லட்சம், முதல் வருட மருந்துக்கு 3 லட்சம், குடும்பத்தின் கையில் 4 லட்சம் என்றால் கேட்க வேண்டியது 8 லட்சம்தான். மருத்துவமனை மதிப்பீடு எந்தத் தேதியில் வாங்கியது என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.

வெளியிடும் முன், மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த ஆங்கிலத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "இது எந்தத் தாளில் இருக்கிறது?" என்று அவர் கேட்கும் வரியைத் திருத்துங்கள், இல்லையேல் அடித்துவிடுங்கள். நோயாளிக்கும் அதைப் படித்துக் காட்டி, தன் நோயை இப்படி ஊரறியச் சொல்ல அவருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.